பில்லை விற்றாயிற்று, பாக்கி போயிற்றா?

"போன வருஷம் இல்லாத ஒரு கோடி ரூபாய் கடன் இந்த வருஷம் எங்கிருந்துங்க சார் வந்துச்சு?"

கேட்டவர் கோவை குறிச்சிப் பக்கம் பவுண்டரி நடத்துபவர். பம்பு செட்டுக்கான இரும்பு வார்ப்புகள் செய்து பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிறார். மே மாதக் காலை. நான் போட்டுக் கொடுத்த பேலன்ஸ் ஷீட்டை மேசைமேல் விரித்து, கடன் என்ற வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். வட்டியெல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தார், புதிதாக எந்தக் கையெழுத்தும் போடவில்லை. ஆனாலும் போன வருஷம் 1 கோடியாக இருந்த கடன் இந்த வருஷம் 2 கோடி என்று நிற்கிறது. வரவேண்டிய பாக்கியும் 2 கோடியிலிருந்து 3 கோடியாகப் பெருத்திருக்கிறது.

வியாபாரத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது கணக்கு விதி மட்டும்தான். அவருடைய கம்பெனியில் பாதிக்கு மேலான பங்கைப் பங்குச் சந்தையில் பட்டியலான ஒரு நிறுவனம் வாங்கியிருந்தது. பட்டியலான கம்பெனியின் துணை நிறுவனம் என்றால் 'இந்த் ஏஎஸ்' என்னும் புதிய கணக்குத் தரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தத் தரத்தின் 109-ஆம் எண் அவருடைய பில்களை ஒரு கேள்வி கேட்டது. பதில் அவருக்குச் சாதகமாக இல்லை.

அந்தக் கேள்வி என்ன என்பதற்கு முன், அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்று பார்த்துவிடலாம்.

சரக்கு போய்விட்டது, பில்லும் போய்விட்டது. வாங்கியவர் 90 நாளில் பணம் தருவார். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். குறிச்சியில் அதை வாங்கியவரிடம் எடுத்துச் சொல்லிவிட்டு அடுத்த ஆர்டரும் கேட்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆக 90 நாள். அதற்குள் வெள்ளிக்கிழமை கூலி வரும், மின்சார பில் வரும், இரும்புக் கழிவு விற்பவர் வந்து நிற்பார். அதனால் அந்த பில்லைப் பேங்கிலோ நிதி நிறுவனத்திலோ கொடுத்து, கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியை இன்றைக்கே வாங்கிக்கொள்கிறார். இதுதான் பில் டிஸ்கவுண்டிங்.

ஃபேக்டரிங் என்பது இதற்கு அண்ணன் மாதிரி. டிஸ்கவுண்டிங்கில் பெரும்பாலும் ஒவ்வொரு பில்லாகக் கொடுப்போம். வசூல் வேலை நம்முடையதாகவே இருக்கும், வாங்கியவருக்கு விஷயமே தெரியாமலும் இருக்கலாம். ஃபேக்டரிங்கில் ஒரு வாடிக்கையாளரின் பாக்கி மொத்தத்தையும் ஒப்படைத்துவிடுகிறோம். லெட்ஜர் பார்ப்பது, நினைவூட்டுவது, வசூலிப்பது எல்லாம் ஃபேக்டர் நிறுவனத்தின் பொறுப்பு. 'இனி பணத்தை இன்னாரிடம் கொடுங்கள்' என்று வாங்கியவருக்குக் கடிதம் போகும். இந்தியாவில் இதற்கு வழி போட்டது ரிசர்வ் வங்கி 1988-இல் அமைத்த கல்யாணசுந்தரம் குழு. 1991-இல் ஸ்டேட் பேங்கும் கனரா பேங்கும் தனித்தனி ஃபேக்டர் நிறுவனங்களைத் தொடங்கின. இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் வர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டிஸ்கவுண்டிங், ஃபேக்டரிங் என்ற பெயர்களை வைத்துக்கொண்டு பாக்கி கணக்கிலிருந்து போயிற்றா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பவுண்டரிக்காரரும் அப்படித்தான் நினைத்திருந்தார். "வித்தாச்சு, பணம் வந்தாச்சு, அப்புறம் எப்படிங்க அது என் பாக்கி?"

அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன். "அந்தப் பம்பு கம்பெனி ஏப்ரல் 30-ஆம் தேதி பணம் கொடுக்கலைன்னா பேங்க்காரங்க யாருக்கு போன் பண்ணுவாங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குத்தான்."

இந்த் ஏஎஸ் 109 கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுதான். வாங்கியவர் பணம் தராவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? கணக்கு மொழியில் 'பாக்கியின் இடர்ப்பாடும் பலனும் பெருமளவுக்குக் கைமாறியதா' என்பார்கள். கைமாறியிருந்தால் பாக்கியைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மாறாமல் விற்றவரிடமே இருந்தால், ஒப்பந்தத்தின் தலைப்பில் 'விற்பனை' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாலும் பாக்கி அங்கேயேதான் இருக்கும். வந்த பணம் கடன் என்ற வரிக்குப் போகும்.

பேங்க் விற்றவரிடம் திரும்பி வரும் உரிமைக்கு 'ரிக்கோர்ஸ்' என்று பெயர். கருத்து புதிதல்ல. நகரத்தார் பேட்டைகளில் உண்டியல் கைமாறிய காலத்திலேயே இது உண்டு. முதுகில் கையெழுத்துப் போட்டு உண்டியலை அடுத்தவருக்குக் கொடுத்தால், கடைசியில் அது பணமாகாமல் போகும்போது கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பொறுப்பு வேண்டாம் என்றால் கையெழுத்தோடு சேர்த்து அப்படி எழுதிவிட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது 52-ஆம் பிரிவு. எழுதாமல் விட்டால் பொறுப்பு உண்டு. நூற்று நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகியும் பேங்க் ஒப்பந்தங்களின் இயல்பு இதுவேதான்.

ஒரே பில்லை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஜனவரி 30-ஆம் தேதியிட்ட பில், வரி உட்பட 10 லட்சம் ரூபாய், கெடு 90 நாள், அதாவது ஏப்ரல் 30. வட்டி விகிதங்களைக் கணக்குப் போட வசதியாக நானே வைத்துக்கொள்கிறேன்.

முதல் வழி, அவர் வழக்கமாகப் போகும் பேங்க். பில்லில் 80 சதவீதம், அதாவது 8 லட்சம்தான் தருவார்கள். மீதி 2 லட்சம் வசூலானபின். வட்டி 12 சதவீதம், முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். 8 லட்சத்துக்கு 90 நாள் வட்டி ரூ.23,671. கையில் வருவது ரூ.7,76,329. பணம் வராவிட்டால் பேங்க் அவரிடம் திரும்பி வரும்.

புத்தகத்தில் என்ன நடக்கிறது? 10 லட்சம் பாக்கி அசையவில்லை, பம்பு கம்பெனியின் பெயரில் முழுசாக நிற்கிறது. வந்த ரூ.7,76,329 பேங்க் கடன். அந்த ரூ.23,671 ஒரே நாளில் செலவாவதில்லை. நாள் நகர நகர வட்டியாக ஏறும். மார்ச் 31-ஆம் தேதி 60 நாள் முடிந்திருக்கும், ரூ.15,781 செலவாகியிருக்கும். அன்றைய பேலன்ஸ் ஷீட்டில் கடன் ரூ.7,92,110. ஏப்ரல் 30-க்கு அது சரியாக 8 லட்சம் ஆகும். வாங்கியவர் அன்றைக்குப் பணம் கட்டினால்தான் கடனும் பாக்கியும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு மறையும்.

இரண்டாவது வழி, திரும்பி வரும் உரிமை இல்லாத விற்பனை. முழு 10 லட்சத்துக்கும் 9 சதவீதத்தில் கழிவு என்று வைப்போம். ரூ.22,192 போக ரூ.9,77,808 கையில். பாக்கி அன்றைக்கே பூஜ்யம். கடன் என்று ஒன்றுமே எழுத வேண்டாம். ஆனால் அந்த ரூ.22,192 முழுவதும் ஜனவரி 30-ஆம் தேதியே நஷ்டமாக லாப நட்டக் கணக்கில் இறங்கிவிடும். கையில் இருந்த ஒரு சொத்தைக் குறைந்த விலைக்கு விற்றது போலத்தான். 90 நாளுக்குப் பரப்புவதற்கு இங்கே கடன் எதுவும் இல்லை.

இரண்டு வட்டி விகிதங்களையும் வெவ்வேறாக வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் வழியில் பேங்க் பார்ப்பது பவுண்டரிக்காரரின் தகுதியை. இரண்டாவதில் பில்லை வாங்குபவர் பார்ப்பது பம்பு கம்பெனியின் தகுதியை, ஏனென்றால் பணம் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும். வாங்கியவர் பெரிய, நல்ல பெயருள்ள கம்பெனியாக இருந்தால் இரண்டாவது வழி மலிவாக முடியலாம். நலிந்த கம்பெனி என்றால் விலை ஏறும், அல்லது பில்லை வாங்க ஆளே இருக்காது.

இப்போது மே மாதக் கேள்விக்கு வரலாம். பவுண்டரிக்காரர் மார்ச் 31 அன்று மொத்தம் 3 கோடி ரூபாய் பாக்கி வைத்திருந்தார். அதில் 1.25 கோடிக்கான பில்களைப் பேங்கில் கொடுத்து, 80 சதவீதக் கணக்கில் 1 கோடி வாங்கியிருந்தார். ஓடி கணக்கில் தனியாக 1 கோடி கடன். சொந்த முதல் 2 கோடி. வட்டிப் பிடித்தத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழைய கணக்கு முறையில் நாங்கள் நெடுங்காலமாகச் செய்து வந்தது இது: பேங்க் கொடுத்த 1 கோடியைப் பாக்கியிலிருந்து கழித்துவிடுவது. பாக்கி 2 கோடி, கடன் ஓடி 1 கோடி மட்டும். டிஸ்கவுண்ட் செய்த பில்களை, 'ஒருவேளை வரக்கூடிய பொறுப்பு' என்று கீழே அடிக்குறிப்பில் ஒரு வரியாகப் போடுவோம். கடனுக்கும் முதலுக்கும் உள்ள விகிதம் பாதி, 0.5. பார்க்க அழகாக இருக்கும். இந்தப் பழக்கம் சின்னக் கம்பெனிகளிலும் கூட்டு வியாபாரங்களிலும் இன்றும் பரவலாக இருக்கிறது, ஏனென்றால் இந்த் ஏஎஸ் பட்டியலான கம்பெனிகளுக்கும், நிகர மதிப்பு 250 கோடி தாண்டிய கம்பெனிகளுக்கும், அவற்றோடு ஒட்டிய துணை நிறுவனங்களுக்கும்தான். பக்கத்து ஷெட்டில் அதே வேலை செய்யும் கூட்டு வியாபாரத்தின் பேலன்ஸ் ஷீட்டில் அதே பில் காணாமல் போயிருக்கும்.

புதிய முறையில் அடிக்குறிப்பு மேலே ஏறி வந்துவிட்டது. பாக்கி 3 கோடி, கடன் 2 கோடி, விகிதம் 1. அதே மனிதர், அதே பில்கள், அதே பேங்க். கடனும் முதலும் சமம் என்று பார்த்ததும் அவருக்கு வயிற்றைக் கலக்கியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் எனக்குப் புதிய முறைதான் நேர்மையாகப் படுகிறது. வாங்கியவர் கவிழ்ந்தால் கட்டப்போவது இவர். அப்படியிருக்க அந்த 1 கோடி இவருடைய கடன் இல்லை என்பது பொடி எழுத்தில் மட்டும் உண்மை பேசுகிற கணக்கு.

"சரி, அப்ப 'வித்அவுட் ரிக்கோர்ஸ்'னு போட்டுக் குடுத்தா போயிருமில்ல?" என்றார். பெட்டியிலிருந்து இன்னொரு ஒப்பந்தத்தை எடுத்தார். ஒரு நிதி நிறுவனம் அனுப்பிய வரைவு. முதல் பக்கத்திலேயே 'திரும்பி வரும் உரிமையற்ற ஃபேக்டரிங்' என்று இருந்தது.

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். முதல் பக்கம் விற்பனைக்காரர் எழுதுவது, பின்பக்கங்கள் வக்கீல் எழுதுவது. அந்த வரைவில் பதினான்காவது ஷரத்து சொன்னது: கெடு தாண்டி 60 நாள் ஆகியும் வசூலாகாத பில்லை விற்றவர் அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் பக்கம் 'திரும்பி வரமாட்டோம்' என்கிறது, பதினான்காவது ஷரத்து '60 நாள் கழித்து வருவோம்' என்கிறது. திரும்ப வாங்கும் கட்டாயம் இருந்தால் நஷ்டம் விற்றவரிடம்தான். பாக்கி புத்தகத்தை விட்டு நகராது.

இன்னொரு விதம் இதைவிடப் பூடகமானது. ஐம்பது வாடிக்கையாளர்களின் பாக்கி 1 கோடியை ஒரே கட்டாக விற்கிறார் என்று வையுங்கள். வாங்குபவர் ஒரு சின்ன நிபந்தனை போடுகிறார்: "மொத்தத்தில் முதல் 10 லட்சம் நஷ்டம் வரை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எங்கள் பாடு." கேட்கும்போது 90 சதவீத ஆபத்து அவர்களிடம் போனது போலத் தோன்றும். ஆனால் இந்த வியாபாரத்தில் இத்தனை வருஷத்தில் ஒரு கோடிக்கு 2 லட்சத்துக்கு மேல் எப்போதுமே வராக்கடன் ஆனதில்லை என்றால்? நடக்கக்கூடிய நஷ்டமெல்லாம் அந்த முதல் 10 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வாங்கியவர் ஒரு ரூபாயும் இழக்கப் போவதில்லை. ஆகவே ஆபத்து முழுவதும் விற்றவரிடமே இருக்கிறது, 1 கோடியும் புத்தகத்திலேயே இருக்கும். எத்தனை சதவீதத்துக்கு உத்தரவாதம் கொடுத்தோம் என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். உண்மையில் வரக்கூடிய நஷ்டத்தில் எவ்வளவு நம் பக்கம் விழுகிறது என்பதுதான் அளவு. வசூலாகும் வரை பிடித்து வைக்கும் மார்ஜின் தொகையிலும், நஷ்டத்தை முதலில் அதிலிருந்து கழிப்பார்கள் என்று எழுதியிருந்தால், இதே கதைதான்.

நடுவில் தொங்குகிற ஒப்பந்தங்களும் உண்டு. பணமே வராவிட்டால் வாங்கியவர் பாடு, ஆனால் தாமதமாக வந்தால் அத்தனை நாளுக்கும் வட்டி விற்றவர் கட்ட வேண்டும் என்பது போல. ஆபத்தில் பாதி போனது, பாதி இருக்கிறது. அப்போது அந்த பில்லை வாங்கியவர் தன் இஷ்டத்துக்கு இன்னொருவருக்கு விற்க முடியுமா என்று பார்ப்பார்கள். முடியுமென்றால் பாக்கி போய்விடும். முடியாதென்றால் விற்றவர் இன்னும் எந்த அளவுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறாரோ அந்த அளவு மட்டும் புத்தகத்தில் தங்கும். இது ஆடிட்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற இடம், அவர்களிடமே விட்டுவிடலாம்.

ஒன்றைக் கலந்துவிடக் கூடாது. சரக்கில் குறை இருந்தால், எடை குறைந்தால், வார்ப்பில் ஓட்டை விழுந்து வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அதற்கு விற்றவர்தான் பொறுப்பு. எந்த ஒப்பந்தமும் இதிலிருந்து விடுதலை தராது, தரவும் கூடாது. 'இந்த பில் உண்மையானது, சரக்கு போய்ச் சேர்ந்தது, தகராறு எதுவும் இல்லை' என்று கொடுக்கும் உறுதிமொழி வேறு, 'வாங்கியவர் பணம் தருவார்' என்ற உத்தரவாதம் வேறு. முன்னது இருப்பதாலேயே பாக்கி புத்தகத்தில் நிற்க வேண்டியதில்லை. பின்னது இருந்தால்தான் நிற்கும்.

சட்டப்படி விற்பனை ஆயிற்றா என்பதும் தனிக் கேள்வி. 2011-ஆம் ஆண்டு ஃபேக்டரிங் சட்டப்படி எழுத்தில் ஒப்படைத்துவிட்டால் பாக்கியின் உரிமை ஃபேக்டருக்குப் போய்விடும், ரிக்கோர்ஸ் இருந்தாலும் கூட. வாங்கியவருக்கு அறிவிப்பு போனபின் அவர் ஃபேக்டரிடம்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும், பழைய ஞாபகத்தில் பவுண்டரிக்காரருக்கு அனுப்பினால் கடன் தீராது. இப்படிச் சட்டத்தில் உரிமை போயிருக்கும், கணக்கில் பாக்கி அங்கேயே இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். சட்டம் பில் யாருடையது என்று பார்க்கிறது, கணக்கு நஷ்டம் யாருடையது என்று பார்க்கிறது.

உரிமை இப்படிக் கைமாறுவதால் ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது, பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். ஓடி கொடுத்த பேங்குக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறோம். சரக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதி, அதன்மேல் எவ்வளவு எடுக்கலாம் என்ற டிராயிங் பவரைப் பேங்க் நிர்ணயிக்கிறது. அந்தப் பாக்கிப் பட்டியலில் வேறு நிறுவனத்துக்கு விற்ற பில்லும் போன மாதப் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தால், ஒரே பில்லின்மேல் இரண்டு இடத்தில் பணம் வாங்கியதாக ஆகும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக இருக்காது, டைப் செய்யும் பையன் பட்டியலைத் திருத்த மறந்திருப்பான். ஆனால் பேங்க் கண்டுபிடித்தால் மறதி என்று எடுத்துக்கொள்ளாது. இதைத் தடுக்கத்தான் ஃபேக்டரிங் ஒப்படைப்புகளை 'செர்சாய்' என்னும் மத்தியப் பதிவேட்டில் பதியச் சொல்கிறார்கள். விற்பதற்கு முன் ஓடி கொடுத்த பேங்கிடம் சம்மதக் கடிதம் வாங்கிவிடுவது நல்லது. பாக்கி முழுவதும் ஏற்கெனவே அவர்களுக்கு அடமானமாக இருக்கும்.

பங்கு வாங்குபவர்களுக்கும் இதில் படிக்க ஒரு இடம் இருக்கிறது. இந்த் ஏஎஸ் பின்பற்றும் கம்பெனியின் ஆண்டறிக்கையில், கைமாற்றியும் புத்தகத்திலிருந்து நீக்காத பாக்கி எவ்வளவு, அதற்கு எதிரான கடன் எவ்வளவு என்று குறிப்பில் சொல்லியாக வேண்டும். ரிக்கோர்ஸோடு வந்த பணம் ரொக்க ஓட்ட அறிக்கையில் கடன் வாங்கிய பணமாகத் தெரியும். ரிக்கோர்ஸ் இல்லாமல் விற்றிருந்தால் வியாபாரத்திலிருந்து வந்த பணமாகத் தெரியும். பின்னதில் தவறு ஏதுமில்லை. ஆனால் ஒரு கம்பெனி மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் மொத்தமாக பில்களை விற்றால், அந்த வருஷம் வசூல் பிரமாதம் என்று அறிக்கை பேசும். அடுத்த வருஷமும் அதே அளவு விற்றால்தான் அந்தத் தோற்றம் நிற்கும். விற்பனை அப்படியே இருக்க, பாக்கி திடீரென்று இளைத்து, 'டிஸ்கவுண்ட் செலவு' என்ற வரி மட்டும் பெருத்திருந்தால், வசூல்காரர் திறமையாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பவுண்டரிக்காரருக்கு நான் சொன்ன வழி டிரெட்ஸ். ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் இதற்கான விதிகளை வெளியிட்டது, முதல் தளங்கள் 2017-இல் ஓடத் தொடங்கின. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என்று கோவையிலும் திருப்பூரிலும் பலர் இந்தப் பெயர்களைக் கேட்டிருப்பார்கள். வேலை செய்யும் விதம் எளிது. பில்லைத் தளத்தில் ஏற்றுகிறோம். வாங்கியவர் அதைப் பார்த்து, 'ஆமாம், இது என் கடன், இந்தத் தேதியில் கட்டுவேன்' என்று ஏற்கிறார். உடனே பேங்குகளும் நிதி நிறுவனங்களும் போட்டி போட்டு விகிதம் சொல்கின்றன. பிடித்ததை எடுத்துக்கொண்டால் வழக்கமாக அடுத்த வேலை நாளில் பணம் கணக்கில் விழும். கெடு நாளில் வாங்கியவரின் கணக்கிலிருந்து நாச் மூலம் பணம் தானாகப் பிடிக்கப்படும். பிடிக்க முடியாவிட்டால் அந்தக் கடன் வாங்கியவர்மேல்தான், பில்லை எடுத்த பேங்க் அவரைத்தான் துரத்த வேண்டும். சிறு தொழில்காரரிடம் திரும்பி வரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதி, பேரம் பேசி வாங்கியதல்ல. அதனால் பதினான்காவது ஷரத்துத் தொல்லை இதில் இல்லை. பாக்கி புத்தகத்தை விட்டுச் சுத்தமாகப் போகும்.

அவர் கணக்கில் அது எப்படி இருக்கும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அந்த 1.25 கோடி பில்களையும் இப்படி விற்றால் பாக்கி 3 கோடியிலிருந்து 1.75 கோடியாகும். வரும் 1.25 கோடியில் பேங்கின் பில் கடன் 1 கோடியை அடைத்துவிட்டு, மிச்ச 25 லட்சத்தை ஓடியில் போட்டால் கடன் 75 லட்சம். விகிதம் 0.4-க்கும் கீழே. கழிவுச் செலவை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அவர் முகம் தெளிந்தது. அன்றைக்கே உத்யம் சான்றிதழை எடுத்துக்கொண்டு பதிவு செய்தார். பெரிய கம்பெனிகள் டிரெட்ஸில் சேர்ந்தாக வேண்டும் என்று 2018-இல் அரசு உத்தரவு போட்டது, அப்போது வரம்பு 500 கோடி விற்றுமுதல். 2024 நவம்பரில் அதை 250 கோடியாகக் குறைத்தார்கள். அவருடைய பம்பு கம்பெனி அந்த வரம்பை எப்போதோ தாண்டியது, தளத்தில் பெயரும் இருந்தது. முதல் பில்லை ஏற்றினார்.

பதினொரு நாள் கழித்து போன் செய்தார். பில் இன்னும் 'வாங்குபவரின் ஏற்புக்காகக் காத்திருக்கிறது' என்றே காட்டுகிறது. பெரிய கம்பெனி தளத்தில் சேருவது கட்டாயம், ஆனால் ஒவ்வொரு பில்லையும் இத்தனை நாளில் ஏற்றாக வேண்டும் என்று அந்த உத்தரவு சொல்லவில்லை. ஏற்றுவிட்டால் கெடு நாளில் பணம் தானாகப் போய்விடும், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்ல முடியாது. அது அவர்களுக்கும் தெரியும்.

"பர்ச்சேஸ் மேனேஜருக்கு போன் பண்ணினேனுங்க. 'அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க'ங்கறாரு. அக்கவுன்ட்ஸ்ல கேட்டா 'பர்ச்சேஸ்ல அப்ரூவல் வரலை'ங்கறாங்க."

"ஜிஆர்என் போட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது அது. அது இல்லாமல் யாரும் ஏற்கமாட்டார்கள்.

"அதைக் கேக்கலைங்களே சார். இருங்க, லைன்ல போட்டுட்டு வர்றேன்."

மே மாத பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. அதில் கடன் 2 கோடி என்றேதான் இருக்கிறது.